CO2 காற்றைவிட வேகமாக வெளியேறுகிறது, மோலார் நிறை 21.7 என்று வருகிறது. எங்கே தப்பு?

கயல்விழி

வணக்கம். பதினோராம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். கிரஹாம் விதியைக் கரும்பலகையில் மட்டும் போடாமல் செய்து காட்டலாம் என்று இறங்கினேன், இப்போது மாட்டிக்கொண்டேன்.

100 மி.லி. கண்ணாடி சிரிஞ்சை நுனி கீழே இருக்கும்படி ஸ்டாண்டில் செங்குத்தாக மாட்டினேன். நுனியில் 26 நம்பர் ஊசி, அரை அங்குல நீளம். உள்தண்டு தன் எடையிலேயே இறங்கி வாயுவைத் தள்ளும். 70 என்ற கோட்டிலிருந்து 20 வரை, அதாவது 50 மி.லி. வெளியேற எத்தனை நொடி என்று பார்த்தேன்.

காற்று: 184 நொடி
CO2 (சமையல் சோடாவும் வினிகரும்): 159 நொடி

மூன்று முறையும் ஒன்றிரண்டு நொடிக்குள்தான் வித்தியாசம். காற்றுக்கு 29 என்று வைத்துக் கணக்கிட்டால்:

```
M = 29 × (159/184)² = 21.7
```

44 வரவேண்டிய இடத்தில் 21.7. நாளை மறுநாள் வகுப்பு.

முத்துவேல்

டீச்சர், விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். விதியில் நிறை தலைகீழாகத்தானே வரும்? 29 × (184/159)² போட்டுப் பாருங்கள், 38.8 வருகிறது. 44க்குப் பக்கம்தான். மிச்சம் சிரிஞ்சில் தங்கிய காற்றால் வந்த பிழை. பள்ளி ஆய்வகத்துக்கு இது தாராளம்.

கயல்விழி

நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன் சார். ஆனால் தலைகீழாக வருவது வேகத்துக்கு. நான் அளந்தது நேரம். கனமான வாயுவுக்கு அதிக நேரம் ஆகவேண்டும், அப்படியென்றால் நேரத்தின் விகிதம் நேராகத்தானே வரும்?

பழைய லேப்காரர்

கயல் டீச்சர் சொல்வதுதான் சரி. முத்துவேல் தம்பி, 38.8 என்பது 44க்குப் பக்கத்தில் வந்து விழுந்ததால் உங்களுக்கு அது நியாயமாகத் தெரிகிறது. சூத்திரத்தை விட்டுவிட்டு நேரங்களை மட்டும் பாருங்கள். CO2 காற்றைவிடச் சீக்கிரம் வெளியேறியிருக்கிறது. விதி வேலை செய்திருந்தால் 184க்குப் பதில் 227 நொடி ஆகியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அது மாறாது.

கோளாறு ஊசியில் இருக்கிறது டீச்சர். அரை அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 13 மி.மீ. உள்விட்டம் கால் மி.மீ. சொச்சம். விட்டத்தைப்போல ஐம்பது மடங்கு நீளம்! அதைத் துளை என்று சொல்ல முடியாது, அது குழாய். குழாய்க்குள் வாயு சுவரோடு உரசிக்கொண்டே போகிறது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பாகுநிலை. காற்றின் பாகுநிலை 18 என்றால் CO2க்கு 15தான் (மைக்ரோ பாஸ்கல் நொடி). கனமான வாயுவாக இருந்தாலும் வழுக்கலானது, அதனால் முந்திக்கொண்டது.

முழுக்கப் பாகுநிலை மட்டுமே என்றால் 150 நொடி அருகே வந்திருக்கும். உங்களுக்கு 159. ஊசிக்குள் நுழையும்போது வாயு வேகமெடுக்கவும் கொஞ்சம் அழுத்தம் செலவாகிறது, அந்தப் பங்கில் நிறை உள்ளே வருகிறது. ஆக 21.7 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. ஊசியை மாற்றினால் எண்ணும் மாறும்.

கிரஹாமுக்கே இது தெரியும். 1846இல் வெளியிட்ட கட்டுரையில் மெல்லிய தகட்டுத் துளை வழியாகப் போவதையும் நுண்குழாய் வழியாகப் போவதையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். நாம்தான் இரண்டையும் 'சிறு துளை' என்று ஒன்றாக்கிவிடுகிறோம்.

பலூன் பிரியன்

என் மகள் பிறந்தநாளுக்கு வாங்கிய ஹீலியம் பலூன் மறுநாள் காலையில் தரையில் கிடந்தது. சாதா காற்று ஊதியது நான்கு நாள் இருந்தது. இதை வைத்தே டீச்சர் மோலார் நிறை கண்டுபிடிக்கலாமே? சிரிஞ்ச், ஊசி எல்லாம் எதற்கு?

பழைய லேப்காரர்

அதில் ஓட்டையே இல்லை ஐயா. வாயு ரப்பரில் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியே வருகிறது. அதே பலூனில் CO2 நிரப்பிப் பாருங்கள், காற்றைவிட வெகு சீக்கிரம் சுருங்கும். ரப்பரில் அது நன்றாகக் கரையும். அந்தக் கணக்கில் மோலார் நிறை தேடினால் CO2 இறகைவிட லேசாகிவிடும்.

கயல்விழி

சரி சார், ஊசியை எடுத்துவிட்டு என்ன வைப்பது?

பழைய லேப்காரர்

சமையலறை அலுமினியத் தாள். அதன் தடிமன் ஒரு மி.மீ.யில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. சின்னத் துண்டு வெட்டிக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் கூர்நுனியால் ஒரே ஒரு அழுத்து. ஊசி உள்ளே இறங்கக் கூடாது. இறங்கினால் ஓரம் மடங்கிக் காலர் மாதிரி நிற்கும், மறுபடி ஒரு குட்டிக் குழாய் ஆகிவிடும். விளக்குக்கு நேரே பிடித்தால் ஒரு ஒளிப்புள்ளி மட்டும் தெரியவேண்டும். சிரிஞ்சின் நுனியில் வைத்துச் சுற்றிலும் எப்பாக்சி பசை போடுங்கள், துளைமேல் படாமல்.

காற்றுக்கு இரண்டு, மூன்று நிமிடம் ஆகிற மாதிரி துளை அமைந்தால் நல்லது. முப்பது நொடியில் முடிந்தால் துளை பெரிது, தாளை மாற்றுங்கள். பிளாஸ்டிக் சிரிஞ்சில் முயற்சி செய்யாதீர்கள், அதன் ரப்பர் முனை பிடித்துப் பிடித்து இறங்கும்.

நிலா (இயற்பியல் முதுகலை)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விதி சொல்லும் நிலைமைக்குத் துளை, மூலக்கூறு மோதாமல் போகும் சராசரித் தொலைவைவிடச் சின்னதாக இருக்கவேண்டும். சாதாரண அழுத்தத்தில் காற்றுக்கு அது ஒரு மி.மீ.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தத் தையல் ஊசியாலும் அப்படித் துளைக்க முடியாது. அப்புறம் எப்படி இது கிரஹாம் விதி?

பழைய லேப்காரர்

நியாயமான கேள்வி. உண்மையில் இந்தத் தாளில் நடப்பது பீய்ச்சல்தான். மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நழுவிப் போவதில்லை, கூட்டமாகப் பாய்கின்றன. பெர்னூலி கணக்குப்படி அந்தப் பாய்ச்சலின் வேகமும் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். அழுத்தமும் வெப்பநிலையும் ஒன்றானால் அடர்த்தியும் மோலார் நிறையும் ஒரே விகிதம். ஆக விடை சரியாக வரும், காரணம் மட்டும் வேறு. இந்த வழியிலேயே புன்சன் வாயுக்களின் அடர்த்தியை அளந்தார்.

நிலா

அப்படியென்றால் மாணவர்களிடம் 'இது கிரஹாம் விதியின் நிரூபணம்' என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

பழைய லேப்காரர்

எனக்கும் கொஞ்சம் உறுத்தும்தான். ஆனால் கிரஹாமின் பிளாட்டினத் தகட்டுத் துளைகளும் அவ்வளவு நுண்ணியவை அல்ல.

கயல்விழி

நேற்று மாலை செய்து பார்த்தேன். முதல் இரண்டு தாள் வீண், பசை துளையை மூடிவிட்டது. மூன்றாவது தாளில்:

காற்று: 146, 147, 146
CO2: 178, 177, 178

29 × (178/146)² = 43.1. CO2 இப்போது பின்தங்கிவிட்டது! அதே தாளில் மறுபடி காற்றை ஓட்டினேன், 146தான், துளை மாறவில்லை.

44க்கும் 43.1க்கும் உள்ள இடைவெளி எதனால்?

முத்துவேல்

இந்த முறையாவது என் காற்றுக் கலப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். 6 சதவீதம் காற்று இருந்தால் 43.1 வந்துவிடும்.

பழைய லேப்காரர்

இருக்கலாம். ஆனால் CO2 ஈரமான கலவையிலிருந்து வந்தது. 30 டிகிரியில் அதில் 4 சதவீதம் நீராவி இருக்கலாம், நீராவிக்கு 18. அது மட்டுமே சராசரியை 43க்கு இறக்கிவிடும். இந்த எண்ணை வைத்து எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. கால்சியம் குளோரைடு குழாய் வழியாக உலர்த்தி ஒரு முறை ஓட்டுங்கள். எண் ஏறினால் நீராவி. ஏறாவிட்டால் சிரிஞ்சை CO2ஆல் இரண்டு முறை கழுவிவிட்டு நிரப்புங்கள்.

கயல்விழி

ஆய்வகத்தில் இருக்கும் கால்சியம் குளோரைடு பாட்டிலைத் திறந்தேன் சார். மூடி சரியில்லாமல் அதுவே கூழாகக் கிடக்கிறது. நாளைக்கு வகுப்பில் ஊசி, தாள் இரண்டையும் ஓட்டிக் காட்டுகிறேன். முதலில் ஊசி.