கலைச்சொல் வேண்டும்: ஒரு பகா எண் 'எத்தனை முறை' வருகிறது என்பதற்கு

மலர்விழி:

குழுவினருக்கு வணக்கம். ஆறாம் வகுப்புப் பயிற்சித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. மொத்தமும் மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு பற்றிய வாக்கியக் கணக்குகள், பகாக் காரணிப்படுத்திச் செய்பவை. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

முதல் கணக்கு: 72, 84, 120 செ.மீ. நீளமுள்ள மூன்று கம்பிகளை மீதமில்லாமல் சமத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டு அதிகபட்சம் எவ்வளவு நீளம் இருக்கலாம்? இரண்டாவதிலும் அதே எண்கள்தான்: மூன்று விளக்குகள் ஒன்றாக மின்னத் தொடங்கி, 72, 84, 120 நொடிக்கு ஒருமுறை மின்னுகின்றன. மறுபடி எப்போது மூன்றும் சேர்ந்து மின்னும்? இரண்டுக்கும் பொதுவாக ஒரே அட்டவணை:

```
        72   84   120
2       3    2    3
3       2    1    1
5       0    0    1
7       0    1    0
```

72 = 2 × 2 × 2 × 3 × 3 என்பதால் 2-க்கு நேரே 3, 3-க்கு நேரே 2. கட்டங்களில் உள்ள இந்த எண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். 'அடுக்கு' என்று போடலாம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் அடுக்குக்குறி எழுத்தை இன்னும் படிக்கவில்லை.

நாச்சியார்:

மீப்பெரு பொதுக் காரணிக்குப் புதுச் சொல் தேடுவது நல்ல முயற்சி. மீப்பெரு என்றதும் பிள்ளை பெரிய விடையை எதிர்பார்க்கிறது, 12 வருகிறது. மீச்சிறு என்றால் சின்னதை எதிர்பார்க்கிறது, 2520 வருகிறது. இந்தப் பெயர்களை முதலில் மாற்றுங்கள். 'பொதுவகுத்தி' என்று மட்டும் வைத்தால் போதாதா?

மலர்விழி:

அம்மா, அந்தப் பெயர்கள் பாடநூலில் உள்ளவை, அவற்றைத் தொட எனக்கு உரிமையில்லை. கட்டத்துக்குள் இருக்கும் 3, 2, 0 ஆகியவற்றுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

இளங்கோ:

மீ என்பது மேல். குறளின் 'மீக்கூறும்', இலக்கணத்தின் 'மீமிசை' எல்லாம் அந்த மீ-தான். மேலான பெரியது மீப்பெரு, சரி. ஆனால் மேலான சிறியது என்பது என்ன? கீழ்ச்சிறு என்றல்லவா இருந்திருக்க வேண்டும்? இதைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான், வியாழன் நெருங்குவதால் விடுகிறேன்.

கேட்ட சொல்லுக்கு வருகிறேன். 'பகாவடுக்கு' என்று யாரேனும் சொல்வதற்குள் தடுத்துவிடுகிறேன். பகா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பகாப்பதம் என்றால் பகுக்க முடியாத பதம், பகா எண் என்றால் பகுக்க முடியாத எண். அப்படியானால் பகாவடுக்கு என்றால் பகுக்க முடியாத அடுக்கு என்றே பொருள்படும். 16-இல் 2-இன் அடுக்கு 4. அந்த 4 பகா எண்ணா? இல்லை. பெயரே பொய் சொல்லும்.

என் பரிந்துரை 'பயில்வு'. பயிலுதல் என்றால் கற்றல் என்று மட்டும் இன்று நினைக்கிறோம். தங்குதல், திரும்பத் திரும்ப நிகழ்தல் என்பவையும் அதன் பழம்பொருள்களே. 72-இல் 2-இன் பயில்வு 3. எவ்வளவு அழகு!

கண்ணன்:

பயிற்சித்தாளில் பயில்வு என்று போட்டால், பிள்ளை 'எத்தனை தடவை பயில வேண்டும்' என்று கேட்கும் :)

எனக்கு இந்த அட்டவணையே தேவையா என்று தோன்றுகிறது. ஏணி முறையில் மூன்றையும் பொதுவாக 12-ஆல் வகுத்தால் 6, 7, 10 மிஞ்சுகிறது. பக்கத்தில் நிற்கும் 12 மீப்பெரு பொதுக் காரணி. அதையும் மிஞ்சியவற்றையும் பெருக்கினால் மீச்சிறு பொது மடங்கு: 12 × 6 × 7 × 10 = 5040. பெயர் வைக்கவேண்டிய அவசியமே இல்லை.

பரிதி:

கண்ணன், கம்பிக்கு 12 சரி. 6 + 7 + 10 = 23 துண்டுகள் கிடைக்கும். விளக்குக்கு 5040 தவறு, சரியான விடை 2520. 6-க்கும் 10-க்கும் இடையே இன்னும் ஒரு 2 பொதுவாக இருக்கிறது. அதை ஏணியில் எடுக்காமல் விட்டதால் அது இருமுறை பெருக்கப்பட்டுவிட்டது. மீப்பெரு பொதுக் காரணிக்கு மூன்றுக்கும் பொதுவானது தீர்ந்ததும் நிறுத்தலாம். மீச்சிறு பொது மடங்குக்கு, எந்த இரண்டுக்கும் பொதுவானது எதுவும் மிஞ்சாத நிலை வரும்வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டே எண்கள் என்றால் உங்கள் வழி எப்போதும் சரி: 72, 84-க்கு 12 × 6 × 7 = 504. அதனால்தான் இந்தப் பிழை மூன்றாவது எண் வரும்வரை வெளிப்படுவதில்லை.

இதில் இன்னொரு வில்லங்கம், 5040 சரிபார்ப்பிலும் தப்பிவிடும். அது 72, 84, 120 மூன்றாலும் மீதியின்றி வகுபடும். 84 நிமிடத்தில் விளக்குகள் உண்மையிலேயே சேர்ந்து மின்னும், ஆனால் அது இரண்டாவது முறை. முதல் முறை 42 நிமிடத்தில். கண்டுபிடிக்க ஒரு வழி: விடையை மூன்று எண்களாலும் வகுத்து ஈவுகளைப் பாருங்கள். 5040-க்கு 70, 60, 42 வருகிறது. எல்லாம் இரட்டைப்படை, அதாவது விடையில் ஒரு 2 கூடுதல். 2520-க்கு 35, 30, 21. மூன்றுக்கும் பொதுவாக எதுவுமில்லை.

அட்டவணையில் இந்தத் தொல்லை வராது. ஒவ்வொரு வரியிலும் சிறியதை எடுத்தால் 2, 1, 0, 0. அதாவது 2 × 2 × 3 = 12. பெரியதை எடுத்தால் 3, 2, 1, 1. அதாவது 8 × 9 × 5 × 7 = 2520. 'பொதுவானதை மட்டும் எடு', 'எல்லாவற்றையும் எடு' என்று இரண்டு விதி தேவையில்லை. இல்லாத பகா எண்ணுக்கு 0 போட்டாலே போதும். ஆகவே நமக்குத் தேவையான சொல் 0-வையும் தாங்க வேண்டும்.

தவராசா:

எங்கள் இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண், பொ.கா.பெ., பொ.ம.சி. என்றே எழுதுவோம். பொதுக் காரணிகளுட் பெரியது, பொது மடங்குகளுட் சிறியது. நாச்சியார் அம்மா சொன்ன குழப்பம் அதில் குறைவு. எதற்குள் பெரியது, எதற்குள் சிறியது என்று பெயரே சொல்லிவிடும். அடுக்குக்கு எங்களிடம் 'சுட்டி' உண்டு. 72-இல் 2-இன் சுட்டி 3.

இளங்கோ:

சுட்டி என்றால் இன்று கணினியில் சொடுக்குவது.

தவராசா:

அது பிறகு வந்த சுட்டி, ஐயா. எங்கள் சுட்டி மூத்தது.

பரிதி:

சுட்டியும் அடுக்கும் ஒரே இடத்தில் வழுக்கும். அட்டவணையில் 5-க்கு நேரே 0 இருப்பதைப் பார்த்த பிள்ளை 2 × 2 × 3 × 0 × 0 என்று எழுதி 0 என்று முடிக்கும். இந்தத் தவறு மீப்பெரு பொதுக் காரணியில் மட்டுமே வரும். பட்டியலில் இருக்கும் பகா எண் ஏதாவது ஓர் எண்ணிலாவது இருக்கும், ஆகவே வரியில் பெரியது ஒருபோதும் 0 ஆகாது. 35-ஐயும் 72-ஐயும் கொடுத்துப் பாருங்கள். எல்லா வரியிலும் சிறியது 0. விடை 1. பலர் 0 என்றோ 'இல்லை' என்றோ எழுதுவார்கள். 0 என்றால் 'அது வரவில்லை, பெருக்காதே' என்று சொல்லே நினைவூட்ட வேண்டும்.

மலர்விழி:

அப்படியானால் 'வருகை' எப்படி? 84-இல் 5-இன் வருகை 0. வருகைப் பதிவேடு போலவே அட்டவணையும் இருக்கிறது. வராதவரைக் கொண்டு எதையும் பெருக்க முடியாது என்று பிள்ளைக்குத் தெரியும்.

கண்ணன்:

இது பிடித்திருக்கிறது. 5040-ஐ வாபஸ் வாங்குகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: மீப்பெருவையும் மீச்சிறுவையும் பெருக்கினால் எண்களின் பெருக்கல் வரவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, 12 × 2520 = 30240. மூன்று எண்களைப் பெருக்கினால் 725760. பொருந்தவில்லையே?

பரிதி:

அது இரண்டு எண்களுக்கு மட்டும். ஒரு வரியில் இரண்டே வருகைகள் இருந்தால் சிறியதும் பெரியதும் சேர்ந்து இரண்டுமே ஆகிவிடும், எதுவும் விடுபடாது. மூன்று இருந்தால் நடுவில் ஒன்று விடுபடும். நம் அட்டவணையில் 2-இன் வரி 3, 2, 3. சிறியது 2, பெரியது 3, விடுபட்டது 3. 3-இன் வரியில் விடுபட்டது 1. மற்ற இரண்டு வரிகளிலும் 0. ஆக விடுபட்டது 8 × 3 = 24. 30240 × 24 = 725760. பயிற்சித்தாளில் இந்த விதி இருந்தால் 'இரண்டு எண்களுக்கு' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

எந்தக் கணக்குக்கு எது என்பதற்கும் 'அதிகபட்சம்', 'குறைந்தபட்சம்' என்ற சொற்களை நம்பச் சொல்லாதீர்கள். விளக்குக் கணக்கில் அந்தச் சொற்கள் இரண்டுமே இல்லை. விடை கொடுத்த எண்களுக்குள் அடங்க வேண்டுமா, கொடுத்த எண்கள் விடைக்குள் அடங்க வேண்டுமா என்று கேட்டால் போதும். துண்டு 72-க்குள் அடங்கும். விளக்குகள் சேரும் நேரம் 120-க்குக் குறையாது.

நாச்சியார்:

'72, 84, 120 ஆகியவற்றால் வகுத்தால் மீதி 5 தரும் மிகச்சிறிய எண்' என்று எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. விடை 2525 தானே?

பரிதி:

2525 எதிர்பார்க்கும் விடை. ஆனால் 5-ஐ 72-ஆல் வகுத்தாலும் மீதி 5 தான், அம்மா. கேள்வியில் '120-ஐவிடப் பெரிய' என்று சேர்த்தால்தான் 2525 மட்டும் சரியாகும்.

மலர்விழி:

எண்ணிப் பார்த்தால் வருகைக்கு மூன்று பேர், சுட்டிக்கு ஒருவர், பயில்வுக்கு ஒருவர், நாச்சியார் அம்மா வேறு ஊரில் இருக்கிறார். அட்டவணைத் தலைப்பில் 'வருகை' என்றே அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் 'மேல்வகுப்பில் இதையே அடுக்கு என்பார்கள்' என்று ஒரு வரி.

தவராசா:

அந்த வரியில் 'அடுக்கு அல்லது சுட்டி' என்று போட்டால் எங்கள் பிள்ளைகளுக்கும் உதவும்.

இளங்கோ:

வருகை என்பது வரும் செயல், வந்த எண்ணிக்கை அல்ல. குறைந்தபட்சம் 'வருகையெண்' என்றாவது திருத்துங்கள். பயில்வை நான் கைவிடவில்லை.