கலைச்சொல்: பிக்சல் விளையாட்டைத் திரையில் “முழு எண்” கணக்கில் பெரிதாக்குவதற்கு என்ன பெயர்?

குமரவேல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் ஒரு நண்பரும் செய்துவரும் சிறிய விளையாட்டின் அமைப்புப் பட்டியலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒலி, விசைகள் எல்லாம் முடிந்தன. திரை என்ற பக்கத்தில் இரண்டு வரிகளில் நின்றுவிட்டேன். ஒன்று Integer Scale, மற்றொன்று Sharp Bilinear.

முதலாவதற்கு “முழு எண் அளவிடல்” என்று எழுதியிருந்தேன். என் தங்கை படித்துவிட்டு, “எதை அளக்கிறது?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

விவரம் இதுதான். படங்களை 320×180 பிக்சலில் வரைந்திருக்கிறோம். 1920×1080 திரையில் ஒவ்வொரு பிக்சலும் 6×6 கட்டமாக விரிகிறது. 3840×2160 திரையில் 12×12. எல்லாம் அழகு. நண்பரின் பழைய மடிக்கணினித் திரையோ 1366×768. 768ஐ 180ஆல் வகுத்தால் 4.27 வருகிறது. திரை நிறையக் காட்டினால் கதாநாயகனின் கண் ஒரு சமயம் பருத்தும் ஒரு சமயம் மெலிந்தும் தெரிகிறது. அவன் நடக்கும்போது கண் சிமிட்டுவது போலவே இருக்கிறது. முதல் வரியை இயக்கினால் 4 மடங்கோடு நின்று, சுற்றிலும் கருப்புப் பட்டை விட்டுவிடுகிறது. இரண்டாம் வரியை இயக்கினால் திரையும் நிறைகிறது, சிமிட்டலும் நின்றுவிடுகிறது. எப்படி என்று எனக்கு முழுதாகப் புரியவில்லை.

பட்டியலில் இடம் குறைவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களுக்கு மேல் தாங்காது.

சொக்கலிங்கம் எழுதியது:

தம்பி, உங்கள் தங்கை சரியாகக் கேட்டிருக்கிறார். அளவிடுதல் என்றால் அளந்து பார்த்தல். இங்கே நடப்பது அளவை மாற்றுதல். இயற்பியல் பாடத்தில் இதற்கு உருப்பெருக்கம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு பிழையும் உண்டு. பள்ளிக் கணக்கில் முழு எண்கள் என்றால் 0, 1, 2 என்று போவது. குறை எண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் முழுக்கள். உங்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நேரானது இரண்டாவதே. எனவே “முழுக்கள் உருப்பெருக்கம்” என்பதே பிழையற்றது. முப்பது ஆண்டு வகுப்பறையில் இதைத் திருத்தியே கை ஓய்ந்தவன் நான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அமுதா எழுதியது:

ஐயா சொன்ன உருப்பெருக்கத்தை ஏற்கிறேன். முழுக்கள் வேண்டாம். குறை எண்ணால் பெருக்கினால் படம் தலைகீழாகிவிடும், சுழியால் பெருக்கினால் காணாமலே போய்விடும். இங்கே தேவைப்படுவது 1, 2, 3 என்ற மடங்குகள் மட்டும். மும்மடங்கு, நான்மடங்கு என்று நம்மிடம் சொல் இருக்கிறதே. “முழுமடங்கு” என்றால் போதாதா? எண்ணின் வகையைப் பற்றிய வழக்கும் எழாது. பட்டியலில் “முழுமடங்கு”, விளக்கத்தில் “முழுமடங்கு உருப்பெருக்கம்”.

கண் ஏன் சிமிட்டுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இரண்டாம் பெயருக்கு அது உதவும். படத்தில் 180 வரிசை, திரையில் 768 வரிசை. திரைப் புள்ளியைப் பாதியாக வெட்ட முடியாது. ஆகவே 132 வரிசைகள் 4 புள்ளி உயரமும், மீதி 48 வரிசைகள் 5 புள்ளி உயரமும் பெறுகின்றன. கூட்டிப் பாருங்கள், 768 வரும். அகலத்திலும் இதே கதை: ஏறத்தாழ 15 பிக்சலுக்கு 4 பிக்சல் பருமன். எந்தப் பிக்சல் பருக்கும் என்பது திரையில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. உங்கள் கதாநாயகனின் கண் ஒரே பிக்சல் அகலம் என்று நினைக்கிறேன். அவன் நகர நகர அந்தக் கண் 4 அகல இடத்துக்கும் 5 அகல இடத்துக்கும் மாறி மாறிப் போகிறது. நின்ற படத்தில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். பின்னணி நகரும்போது மறைக்க முடியாது. ஒரு பிக்சல் கருப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று சதுரங்கப் பலகை வரைந்து திரை முழுக்கக் காட்டிப் பாருங்கள், பட்டை பட்டையாகத் தெரிந்தால் மடங்கு முழுதல்ல என்று அறியலாம்.

இளங்கோ எழுதியது:

முழுமடங்குக்கு என் வாக்கு. ஆனால் இரண்டாவது வரியே தேவையில்லை என்பேன். முழுமடங்கு இருந்தால் படம் எப்போதும் தெளிவு. பட்டை விழுந்தால் விழட்டும். அந்தக் கூர்மை வடிகட்டி என்பது புகைப்பட மென்பொருளில் மங்கிய படத்தைக் கூராக்குவது போன்றதுதானே? விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடி அசிங்கமாகும். நான் எதையும் முழுமடங்கில்தான் விளையாடுகிறேன். கேம் பாய் அட்வான்ஸ் விளையாட்டுகள் 240×160, என் 1080 வரிசைத் திரையில் 6 மடங்கு, மேலும் கீழும் 60 வரிசை கருப்பு. ஒரு குறையும் இல்லை.

அமுதா எழுதியது:

இளங்கோ, உங்கள் கேம் பாய் கணக்கு சரி. மற்றது இரண்டும் சரியில்லை.

சூப்பர் நின்டெண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் படம் 256×224. அது பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டத்தில் தெரிந்தது; அங்கே பிக்சல் சதுரமல்ல, சற்று அகலமானது. உங்கள் திரையில் 4 மடங்காக்கினால் 1024×896 வரும். பிக்சல் கூர்மையாக இருக்கும், ஆனால் தொலைக்காட்சியை மனத்தில் வைத்து வரைந்த வட்ட நிலா முட்டையாக நிற்கும். 4:3 ஆக வேண்டுமானால் அகலம் 1195 தேவை, அதாவது 256இன் 4.67 மடங்கு. உயரம் முழுமடங்கு, அகலம் இல்லை. இங்கே முழுமடங்கு கைவிட்டுவிடுகிறது. அந்தக் காலத்தில் எல்லா ஓவியரும் நிலாவைத் தொலைக்காட்சிக்காகத் திருத்தி வரையவில்லை என்பதும் உண்மை, அது வேறு வழக்கு.

அடுத்து, இந்த வடிகட்டி எதையும் கூராக்குவதில்லை. சாதாரண Bilinear முறை படத்தின் இரு பிக்சல் மையங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு திரைப் புள்ளியிலும் இரண்டு நிறத்தையும் கலக்கிறது. அதனால்தான் முழுப் படமும் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போலாகிறது. குமரவேல் சொல்லும் முறை பிக்சலின் உட்புறத்தை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பிக்சல் சந்திக்கும் கோட்டில் ஒரே ஒரு திரைப் புள்ளி அகலத்துக்கு மட்டும் கலக்கிறது. பருமன் வேறுபாடு அந்தக் கலந்த புள்ளிக்குள் கரைந்துவிடுவதால் கண் சிமிட்டுவதில்லை. அதன் உயிர் இவ்வளவுதான்:

```
float r = 0.5 - 0.5 / scale;
vec2 d = fract(p) - 0.5;
vec2 f = (d - clamp(d, -r, r)) * scale + 0.5;
vec2 uv = (floor(p) + f) / size;
```

`p` என்பது பிக்சல் கணக்கிலான இடம், `scale` மடங்கு, `size` படத்தின் பிக்சல் அளவு. படத்துக்கு நேரியல் வடிகட்டலை இயக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வரிகளால் பயனில்லை. மடங்கு முழுதாகவும் படம் திரைப் புள்ளிகளோடு பொருந்தியும் இருந்தால் கலப்பே நிகழாது. முழுமடங்குப் படமும் இதுவும் ஒன்றாகிவிடும்.

விலை ஒன்று உண்டு. 4.27 மடங்கில், ஒரு திசையில் மட்டும் எண்ணினாலே, ஏறக்குறைய நான்கில் ஒரு திரைப் புள்ளி கலந்ததாகும், அருகில் பார்த்தால் லேசான மென்மை தெரியும். 2160 வரிசைத் திரையில் கேம் பாய் அட்வான்ஸ் படம் 13.5 மடங்கு, பதின்மூன்றில் ஒன்று கலந்தால் எவருக்குத் தெரியும்? 2.3 மடங்கு போன்ற சிறிய திரையில் மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிரோஷன் எழுதியது:

வணக்கம். பெயர் பற்றி எனக்குக் கருத்தில்லை, ஆனால் என் வீட்டில் முழுமடங்கு வேலை செய்வதில்லை. மடிக்கணினித் திரை 1920×1080. விளையாட்டு குமரவேலுடையதைப் போலவே 320×180. 1280×720 சாளரத்தில் திறக்கிறேன், கச்சிதமாக 4 மடங்கு. இருந்தும் மங்கல். மென்பொருளில் பிழையா?

அமுதா எழுதியது:

விண்டோஸில் எழுத்துகளைப் பெரிதாக்க Scale அமைப்பை 125% வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் விளையாட்டு 4 மடங்காக ஒழுங்காக வரைந்ததை விண்டோஸ் எடுத்து 1.25 மடங்கு இழுத்து 1600×900 ஆக்கிக் காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால் 1600 என்பது 320இன் 5 மடங்கு. முடிவு முழுமடங்கு, வந்த வழி மங்கல். விளையாட்டின் exe கோப்பில் Properties, Compatibility, Change high DPI settings என்று போய், இழுக்கும் பொறுப்பை Application என்று மாற்றிப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால் திரைப்பிடிப்பு எடுத்து அதை உருப்பெருக்கிப் பாருங்கள். பிடித்த படத்திலேயே மங்கல் இருந்தால் குற்றம் விளையாட்டிலோ விண்டோஸிலோ. பிடித்த படம் சுத்தமாக இருந்து கண்ணுக்கு மட்டும் மங்கினால், திரையின் சொந்தத் தெளிவுத்திறன் அல்லாத வேறொன்று விண்டோஸில் அமைந்திருக்கலாம், அதைத் திரையோ வரைகலை அட்டையோ இழுத்துக்கொள்கிறது.

நிரோஷன் எழுதியது:

125% தான். மாற்றினேன், சாளரம் சிறுத்துவிட்டது, ஆனால் பிக்சல் ஊசி போல இருக்கிறது. நன்றி அக்கா. இனி எழுத்துதான் வாசிக்க முடியவில்லை, அது என் கண்ணின் பிரச்சினை.

சொக்கலிங்கம் எழுதியது:

முழுமடங்கை ஏற்கிறேன். முழுக்களை விட்டுக்கொடுத்தது வருத்தமே.

இரண்டாவதற்கு வருவோம். அமுதா அம்மா விளக்கிய அந்தச் சாதாரண முறையைக் கணக்கில் இடைச்செருகல் என்போம். பழைய பாடல்களில் பிற்காலத்தார் நுழைத்த அடிகளுக்கும் அதே பெயர். ஓவியர் தீட்டாத நிறத்தைக் கணினி நடுவில் நுழைக்கிறது என்றால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது! எனவே “கூர் இடைச்செருகல்”.

அமுதா எழுதியது:

ஐயா, ரசித்தேன். ஆனால் பட்டியலில் படிக்கும் சிறுவனுக்கு அது குற்றச்சாட்டு போலத் தோன்றும். கூர் என்பதும் வேண்டாம். இளங்கோவுக்கு வந்த குழப்பமே எல்லாருக்கும் வரும். வடிகட்டி என்ற சொல்லும் நெருடுகிறது, இங்கே எதுவும் வடிவதில்லை. எங்கே கலக்கிறது என்பதைப் பெயராக்கினால் மூன்று முறைகளும் ஒரு குடும்பமாகிவிடும்: “கலப்பின்றி”, “முழுக் கலப்பு”, “விளிம்புக் கலப்பு”.

இளங்கோ எழுதியது:

கலப்பு என்றதும் பாலில் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. விளிம்புக் கூழ்மம், விளிம்பு இழைவு என்று ஏதாவது பார்க்கலாமே. நிலா விஷயம் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை நாள் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சொக்கலிங்கம் எழுதியது:

கூழ்மம் வேதியியலில் வேறு பொருள் தரும். இழைவு நன்று. ஆனால் “முழு இழைவு” என்றால் எவருக்கும் விளங்காது. என் இடைச்செருகலை நான் திரும்பப் பெறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குமரவேல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முழுமடங்கு உள்ளே போய்விட்டது. எங்கள் விளையாட்டு எஸ்டிஎல் 2 நூலகத்தில் ஓடுவதால் அந்த வரி உண்மையில் `SDL_RenderSetIntegerScale` என்ற ஒரே அழைப்புதான். இரண்டாவது இப்போதைக்கு “விளிம்புக் கலப்பு”. இழைவை மாற்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

தங்கையிடம் மறுபடி காட்டினேன். முழுமடங்கைத் தொட்டதும் நண்பரின் மடிக்கணினியில் படம் 1280×720க்குச் சுருங்கி, இரு பக்கமும் 43 புள்ளி, மேலும் கீழும் 24 புள்ளி கருப்பாயின. “ஏன் சின்னதாகிவிட்டது?” என்று கேட்டாள். உருப்பெருக்கம் என்று பெயர் வைத்துவிட்டு அழுத்தினால் படம் சிறுக்கிறது! இதற்கு ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும், அதில் அந்தக் கருப்புப் பகுதிக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. பட்டை என்றால் விசைப்பட்டையோ என்கிறாள். சட்டம்? கரை?