போட்டோ அனுப்பி மொத்த விலை கேட்டேன்: ஒருத்தர் சொன்ன விலை இன்னொருத்தர் சொன்னதுக்கு இரட்டிப்பு, மூணாவது ஆள் பதிலே இல்லை

புதுக்கணக்கு:
வணக்கம். எவர்சில்வர் தண்ணி பாட்டில் மொத்தமா வாங்கி, லோகோ போட்டு நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கலாம்னு இறங்கியிருக்கேன். முதல் ஆர்டர் 120 பாட்டில். மூணு மொத்த வியாபாரிகளுக்கு ஒரே போட்டோவையும் ஒரே செய்தியையும் வாட்ஸ்அப்ல அனுப்பினேன்:

"வணக்கம் சார், இந்த பாட்டில் மொத்தமா எடுத்தா என்ன விலை? குறைஞ்சது எத்தனை எடுக்கணும்? ஒரு சாம்பிள் கிடைக்குமா?"

ஒருத்தர் ஒரு விலை சொன்னார். இன்னொருத்தர் அதைப் போல ரெண்டு மடங்கு. மூணாவது ஆளுக்கு நீல டிக் விழுந்து நாலு நாள் ஆச்சு. யார் ஏமாத்தறாங்க? செய்தியில ஏதாவது தப்பா?

ஜெட்வேகம்:
செய்தியெல்லாம் யார் படிக்கிறா? போன் போடுங்க. அஞ்சு நிமிஷத்துல முடியும்.

கிடங்குவாசி:
போன்ல பேசலாம், தப்பில்லை. ஆனா போன்ல சொன்ன விலைக்கு நாளைக்கு சாட்சி கிடையாது. பேசி முடிச்சதும் எழுத்துலயும் வாங்கிடணும்.

தங்கச்சி, நான் பாத்திர மொத்த வியாபாரத்துல பதினோரு வருஷம் கவுண்டர்ல உட்கார்ந்தவன். நீங்க அனுப்பினது எந்த போட்டோ? ஏதாவது ஆன்லைன் கடையில எடுத்த ஸ்கிரீன்ஷாட்டா?

புதுக்கணக்கு:
ஆமாண்ணா. தள்ளுபடி பட்டையோட இருக்கு. பாட்டில் மட்டும்தானே தெரியணும்னு விட்டுட்டேன்.

கிடங்குவாசி:
சரி, அப்போ ரெண்டு பேரும் ஏமாத்தலை. இந்த போட்டோவுல மூணு விஷயம் தெரியாது. ஒரு சுவரா ரெட்டைச் சுவரா, எவர்சில்வர் தகடு 304 ரகமா 201 ரகமா, 500 மில்லியா 750 மில்லியா. வெளியில பெயின்ட் அடிச்சுட்டா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். குறைவா சொன்னவர் ஒரு சுவர் பாட்டிலுக்குச் சொல்லியிருப்பார், கூடுதலா சொன்னவர் வேக்கம் போட்ட ரெட்டைச் சுவருக்கு. தன்கிட்ட எது நிறைய இருக்கோ அதுதான் அவங்கவங்க கண்ணுக்குத் தெரியும்.

மூணாவது ஆள் ஏன் பேசலைன்னா, இது மாதிரி "என்ன விலை?" ஒரு நாளைக்கு நாப்பது வரும். பதில் சொல்லணும்னா முதல்ல அவர் நாலு கேள்வி கேட்கணும். அந்த வேலையை நீங்க செஞ்சு கொடுத்துட்டா, அவருக்கு விலையை மட்டும் எழுதினா போதும்.

அப்புறம், அந்தக் கடையில போட்ட தள்ளுபடி விலையும் ஸ்கிரீன்ஷாட்ல இருக்கு. மொத்த வியாபாரி அதைப் பார்த்துட்டுத்தான் தன் விலையை முடிவு பண்ணுவார். அதை நீங்களே ஏன் காட்டறீங்க?

மாலதி:
எனக்கும் இதே பிரச்சினை! நான் சேலை விக்கிறேன், வாடிக்கையாளர்கள் போட்டோ அனுப்பி விலை கேட்டுட்டுக் காணாம போயிடறாங்க. அவங்களை எப்படித் திரும்ப வரவழைக்கிறது?

கிடங்குவாசி:
அம்மா, நீங்க விக்கிற பக்கம், இவங்க வாங்கற பக்கம். உங்களுக்குத் தனி இழை போடுங்க, அங்க பேசலாம்.

புதுக்கணக்கு, போட்டோவை இப்படி எடுங்க. உங்க கையில அந்த மாதிரி பாட்டில் ஒண்ணு இருக்கா? பக்கத்துல ஸ்கேல் வெச்சு ஒண்ணு, மூடியைத் திறந்து வாய் தெரிய ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு. அளவை போட்டோ மேலேயே எழுதிடுங்க. வியாபாரி உங்க போட்டோவைத்தான் கிடங்குக்கு ஃபார்வர்டு பண்ணுவார். நீங்க தனியா தட்டின செய்தி அவர் போன்லயே நின்னுடும்.

செய்தி இப்படி:

"வணக்கம் சார். போட்டோவுல உள்ள மாதிரி பாட்டில் வேணும்: 750 மில்லி, ரெட்டைச் சுவர் வேக்கம், உள்சுவர் 304. வெளிச்சுவர் 304, 201 ரெண்டுக்கும் தனித்தனி விலை சொல்லுங்க. முதல் ஆர்டர் 120, மூணு நிறம். 120க்கும் 500க்கும் ஒரு பாட்டில் விலை என்ன? வரி, வண்டி வாடகை சேர்ந்ததா? குறைந்தபட்ச எண்ணிக்கை நிறத்துக்கா, மொத்தத்துக்கா? அட்டைப்பெட்டிக்கு எத்தனை? ஒரு சாம்பிள் வேணும், சாம்பிள் விலையும் கூரியரும் நான் தர்றேன். லோகோ பிறகு பேசலாம்."

ஜெட்வேகம்:
500ன்னு சும்மா கேட்டு விலையைக் குறைக்கச் சொல்றீங்களா? நல்ல தந்திரம்.

கிடங்குவாசி:
தந்திரம் இல்லை. 120தான் முதல் ஆர்டர்னு அதே செய்தியில இருக்கு. "500 எடுப்பேன்"னு சொல்லி விலை வாங்கிட்டு 120 எடுத்தா, அடுத்த தடவை உங்க எண்ணைப் பார்த்தாலே எடுக்க மாட்டாங்க.

புதுக்கணக்கு:
அண்ணா, பதில் வந்துருச்சு! பேசாம இருந்தவரே ஒரு மணி நேரத்துல எழுதினார். ஆனா குறைந்தபட்சம் "நிறத்துக்கு 500"ங்கறார். எனக்கு நிறத்துக்கு 40தான் வேணும். அவ்வளவுதானா?

கிடங்குவாசி:
அது நீங்க கேட்கற நிறத்துல புதுசா பெயின்ட் அடிக்கறதுக்கு. ஒரு நிறத்துக்கு இயந்திரத்தைச் சுத்தம் பண்ணி மாத்தணும், அதான் அந்த எண்ணிக்கை. கிடங்குல ஏற்கெனவே இருக்கற நிறத்துல எடுத்தா பெட்டிக் கணக்குதான். பெட்டிக்கு எத்தனைன்னு சொன்னார்?

புதுக்கணக்கு:
24. பெட்டியை உடைக்க மாட்டாராம்.

கிடங்குவாசி:
அப்போ 40, 40, 40 வராது. கறுப்பு 48, நீலம் 48, வெள்ளை 24. அஞ்சு பெட்டி, சரியா 120. "கைவசம் உள்ள நிறத்துல, முழுப் பெட்டியா அஞ்சு" னு எழுதுங்க, ஒத்துக்குவார்.

புதுக்கணக்கு:
(ஒன்பது நாள் கழிச்சு) ஒத்துக்கிட்டார். சாம்பிளும் வந்தது. சமையலறைத் தராசுல வெச்சுக் கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தினேன், 690 கிராம்தான் ஏறிச்சு. 750 மில்லின்னா 750 கிராம் வரணுமே?

கிடங்குவாசி:
விளிம்பு வரைக்கும் ஊத்திப் பாருங்க. சில தயாரிப்பாளர்கள் விளிம்பு அளவைத்தான் சொல்லுவாங்க. அப்படியே கொதிக்கற தண்ணி ஊத்தி மூடி பத்து நிமிஷம் வையுங்க. வெளிச்சுவர் சுட்டா வேக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

புதுக்கணக்கு:
விளிம்புக்கு 748. வெளிச்சுவர் சுடவே இல்லை. ஆனா 304தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அடியில 304ன்னு முத்திரை இருக்கு.

ஜெட்வேகம்:
காந்தம் வைங்க. ஒட்டலைன்னா 304.

கிடங்குவாசி:
201லயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது தம்பி. 304லயே வளைச்ச கழுத்துப் பக்கம் லேசா இழுக்கும். காந்தத்தை வெச்சு இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது. முத்திரை யார் வேணும்னாலும் அடிக்கலாம்.

சொட்டுமருந்து:
மாங்கனீசு கண்டுபிடிக்கற திரவம் கிடைக்குது. ஒரு சொட்டு விட்டு சின்ன பேட்டரியைத் தொட வெச்சா, 201ல சில நொடியில சிவப்பாகும். 304ல அப்படிச் சிவக்காது. அடியில விட்டுப் பாருங்க.

கிடங்குவாசி:
திரவம் சரி, இடம் தப்பு. அடிப்பக்கம் வெளிச்சுவர். உள்ளே 304, வெளியே 201 போட்டு விக்கறது சாதாரணம், அது ஏமாத்தும் இல்லை. தண்ணி படறது உள்சுவர்தான், அதனால கழுத்துக்கு உள்ளே விடணும். அதுக்கப்புறம் அந்த பாட்டிலைக் குடிக்கப் பயன்படுத்தாதீங்க.

புதுக்கணக்கு:
அப்போ என்கிட்ட இருக்கற ஒரே சாம்பிள் போயிடுமே? ஆர்டர் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க எது இருக்கும்?

கிடங்குவாசி:
அதான் சாம்பிள் ரெண்டா கேட்கணும். என் செய்தியில ஒண்ணுன்னு எழுதிட்டேன், என் தப்புதான். ரெண்டாவதுக்கும் காசு கொடுத்துடுங்க. அதை எடை போட்டு, மூடி வளையம், உள்சுவர் எல்லாம் போட்டோ எடுத்து, "ஆர்டர் இதே மாதிரி வரணும்"னு அவருக்கே அனுப்பி, சரின்னு ஒரு பதில் வாங்குங்க.

புதுக்கணக்கு:
கேட்டுட்டேன். "ஒண்ணுதான் கொடுப்போம்"ங்கறார். யாராவது இப்படி மாட்டியிருக்கீங்களா?