நடந்துகிட்டே கையில் எடுத்த ஷாட்: ஸ்டெபிலைஸ் பண்ணினா சுவர் வளையுது, மறுபடி எடுக்கணுமா?

நிலவொளி_எடிட்:
வணக்கம் நண்பர்களே. ஒரு குறும்படம் எடிட் பண்ணிட்டிருக்கேன். அதுல 40 நொடி ஷாட் ஒண்ணு. நாயகி நீளமான நடைபாதையில நடந்து போய் கடைசி அறைக் கதவைத் திறக்கிறா, கேமரா பின்னாடியே கையில போகுது. 4K, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, 35mm லென்ஸ். பாதிக்கு மேல அவ வேகம் எடுக்கிறா, கேமராக்காரரும் கிட்டத்தட்ட ஓடுறார்.

Premiere-ல Warp Stabilizer எதையும் மாத்தாம போட்டேன். அவ தோள் நல்லா நிக்குது, ஆனா ரெண்டு பக்கச் சுவரும் ஜெல்லி மாதிரி நெளியுது. அதைவிட மோசம், ஒவ்வொரு காலடிக்கும் படம் ஒரு கணம் மங்கி மறுபடி தெளியுது. ஃபோகஸ் போயிடுச்சா? அந்த வீடு இன்னும் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும், அதனால முடிவெடுத்தாகணும்.

சுழல்கதவு:
Subspace Warp-தான் டீஃபால்ட்டா இருக்கும். அது படத்தைத் துண்டு துண்டா வளைச்சு சரிபண்ணும். அதை Position-க்கு மாத்துங்க, Smoothness 50-ல இருந்து 10-க்குக் கொண்டு வாங்க. சுவர் நெளியறது நின்னுடும், எனக்கு எப்பவும் வேலை செஞ்சிருக்கு. மங்கலுக்கு லேசா ஷார்ப்பன் போட்டா போதும், 4K-தானே, தாங்கும்.

பழைய_மூவியோலா:
முதல் பாதி சரி. ஷார்ப்பன் மட்டும் வேண்டாம், அது ஃபோகஸ் பிரச்சினையே இல்லை.

25 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 40 மில்லிசெகண்ட். 1/50-ன்னா அதுல பாதி நேரம், 20 மில்லிசெகண்ட், ஷட்டர் திறந்திருக்கு. காலடி விழும்போது ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல படம் 60 பிக்சல் கீழே குதிக்குதுன்னு வைங்க. அந்தக் குதிப்புல பாதி ஷட்டர் திறந்திருக்கும்போதே நடந்துடும், அதாவது 30 பிக்சல் நீளத்துக்கு இழுவல் அந்த ஃப்ரேமுக்குள்ளேயே பதிஞ்சிடுது. ஸ்டெபிலைசர் ஃப்ரேமை 60 பிக்சல் மேலே தூக்கி வைக்கும். அந்த 30 பிக்சல் இழுவலை அதால ஒண்ணும் செய்ய முடியாது.

குலுக்கல் இருக்கிறவரை கண்ணுக்கு அந்த மங்கல் நியாயமாப்படும். குலுக்கலை எடுத்துட்டா, அசையாத படம் காரணமில்லாம மங்குற மாதிரி தெரியும். நீங்க பார்க்கிறது அதைத்தான்.

சோதிக்கிறது எளிது. எஃபெக்டை அணைச்சுட்டு, அம்புக்குறி கீயை அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமா போங்க. கதவு நிலை மாதிரி கூர்மையான ஓரம் ஒண்ணைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, 100% அளவுல பாருங்க. காலடி விழுற ஃப்ரேம்ல அந்த ஓரம் ரெட்டையா இழுபட்டிருந்தா அந்தப் பகுதியை ஸ்டெபிலைஸ் பண்ணி பிரயோஜனமில்லை. ஓரம் கூர்மையா இருந்து இடம் மட்டும் மாறியிருந்தா காப்பாத்திடலாம்.

வேகப்புயல்:
எனக்கும் இதே பிரச்சினை! பைக் ஹேண்டில்ல ஆக்‌ஷன் கேமரா வெச்சு எடுத்தேன், முழுக்க நடுக்கம். கேமரா பதிஞ்ச கைரோ டேட்டாவை வெச்சு Gyroflow-ல போட்டதும் வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு. நீங்களும் அதையே பண்ணுங்க.

பழைய_மூவியோலா:
@வேகப்புயல் உங்களோடது வேற நோய் தம்பி. வெயில்ல ஷட்டர் வேகம் தானாவே ஏறியிருக்கும், அதனால இழுவல் குறைவா இருந்திருக்கும். அதனாலதான் சுத்தமா வந்திருக்கு. கைரோ கேமரா எப்படித் திரும்பிச்சுன்னு துல்லியமா சொல்லும், சுவர் நெளியற தொல்லையும் வராது. ஆனா பதிஞ்ச இழுவலை அதுவும் அழிக்காது. அதுக்கும் மேல, ஃபைல்ல அந்த டேட்டா பதிஞ்சிருக்கணும்.

நிலவொளி_எடிட்:
எங்க கேமரா ஃபைல்ல அது இல்லை சார்.

நீங்க சொன்ன மாதிரி ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்தேன். 22-ஆவது நொடி வரைக்கும் கதவு நிலை கூர்மையாத்தான் இருக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு காலடிக்கும் ரெண்டு மூணு ஃப்ரேம் ரெட்டை ஓரம். ஆக முதல் 22 நொடிதான் தேறும்போல. சுழல்கதவு சொன்ன Position போட்டா நெளிவு போயிடுச்சு, ஆனா படம் லேசா சாயுது.

பழைய_மூவியோலா:
நடக்கும்போது கேமரா பக்கவாட்டுலயும் சாயும், Position அதைத் தொடாது. Position, Scale, Rotation-க்கு மாறுங்க, Smoothness 10-15 போதும். நடக்கிற ஷாட் முழுசா நின்னுட்டா பார்க்கவே பொய்யா இருக்கும்.

இன்னொண்ணு கவனிங்க. டைம்லைன் 1080-ஆ இருந்தா, 4K கிளிப்பை அங்கேயே நெஸ்ட் பண்ணி ஸ்டெபிலைஸ் பண்ணாதீங்க. நெஸ்ட் 1080 அளவுக்குச் சுருங்கிடும், அப்புறம் க்ராப் பண்ணிப் பெருசாக்கினா படம் சாஃப்ட் ஆகும். தனியா ஒரு 4K சீக்வென்ஸ்ல ஸ்டெபிலைஸ் பண்ணிட்டு, அந்த சீக்வென்ஸைக் கொண்டு வந்து 1080-ல வைங்க. மேலும் கீழும் 120 பிக்சல் போனாலும் 2160-ல 1920 மிச்சமிருக்கும். க்ராப் உங்களுக்குக் கவலையே இல்லை.

கருப்புத்திரை:
நான் டைரக்டர் பக்கத்துல நின்னு பேசுறேன். அவ பயந்து ஓடுற காட்சின்னா குலுங்கட்டுமே! மறுபடி எடுத்தா அந்த நடிப்பு திரும்ப வருமா? முழு ஷாட்டையும் ஸ்டெபிலைஸ் பண்ணாம அப்படியே விடலாம்னுதான் நான் சொல்வேன்.

பழைய_மூவியோலா:
அதுவும் ஒரு வழிதான், மறுக்கலை. ஆனா முதல் பாதி நிதானமாவும் பின்பாதி குலுக்கலாவும் ஒரே ஷாட்டா வந்தா, ரெண்டும் ஒட்டுற இடத்துல தெரிஞ்சுடும். விடுறதுன்னா முழுசா விடணும்.

நானா இருந்தா 22-ஆவது நொடியில வெட்டிட்டு, பின்பாதியை மட்டும் மறுபடி எடுப்பேன். அதே கோணத்துல எடுத்துடாதீங்க. பின்னாடி இருந்தே மறுபடி எடுத்தா முடி, புடவை மடிப்பு, வெளிச்சம் எல்லாத்தையும் பழசோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. அறைக்குள்ள கேமராவை ஸ்டாண்டுல வெச்சு, கதவு திறந்து அவ முகம் வர்ற மாதிரி எடுங்க. ஒட்டவைக்கிற வேலையே இல்லாம போயிடும்.

நிலவொளி_எடிட்:
டைரக்டருக்கு அந்தத் தொடர்ச்சி வேணும், "வெட்டாம போகணும்"னு நிக்கிறார். கையிலயேதான் மறுபடி எடுப்போம்னா என்ன மாத்தணும்?

பழைய_மூவியோலா:
அப்போ ஷட்டரை 1/100 ஆக்குங்க. அதே 60 பிக்சல் குதிப்புக்கு இழுவல் 15 பிக்சல்தான் வரும். ஆனா ஒரு ஸ்டாப் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்டணும். 1/200-க்குப் போகலாம்னு ஆசை வரும், வீட்டு விளக்குல போகாதீங்க. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்னா 1/50-ம் 1/100-ம் பத்திரம். அதைத் தாண்டினா விளக்கு மினுக்குறது படத்துல விழும், அதைச் சரிபண்றது இதைவிடக் கொடுமை. 60 ஹெர்ட்ஸ் இடம்னா 1/60, 1/120.

35-ஐ எடுத்துட்டு 24 போடுங்க. அதே சாய்வுக்குப் படத்துல நகர்வு கம்மியாத்தான் வரும். ஆனா அவ உருவம் அதே அளவுல தெரியணும்னா இன்னும் பக்கத்துல போய்த்தான் எடுக்கணும். பாருங்க, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ரொம்பக் கிட்ட போய் ஃப்ரேமை அவ முதுகு நிறைச்சிட்டா ஸ்டெபிலைசர் சுவரை விட்டுட்டு அவளைத் தடம்பிடிக்கும். உங்க முதல் டேக்ல அவ தோள் நின்னு சுவர் நெளிஞ்சதுக்கும் அதுவும் ஒரு காரணம்.

சுழல்கதவு:
1/100-ன்னா அந்த ஓட்டம் கொஞ்சம் வெட்டு வெட்டா தெரியாதா? அதே ஷாட்ல முதல் பாதி 1/50.

பழைய_மூவியோலா:
கொஞ்சம் தெரியும். வெட்டாம போகணும்னா முழு 40 நொடியையும் 1/100-லதான் எடுக்கணும், பழைய 22 நொடி கைகொடுக்காது. அதை டைரக்டர் கிட்ட சொல்லிப் பாருங்க.

நிலவொளி_எடிட்:
சொன்னேன். முழுசா மறுபடி எடுக்க ஒத்துக்கிட்டார், ஆனா ஸ்டாண்டுல முகம் வர்ற ஷாட்டையும் கூடவே எடுத்து வெச்சுக்கலாம்னு நான் பிடிவாதமா கேட்டிருக்கேன். கேமராக்காரர் மட்டும் 24 வேண்டாம், நடைபாதை ரொம்ப நீளமா தெரியும்னு சொல்றார். 28 போட்டா நடுவுல நிக்குமா, இல்ல ரெண்டுமில்லாம போகுமா?