சோலார் யூனிட் திடீர்னு குறைஞ்சிருச்சு, கழுவியும் ஏறல. உதவி தேவை

உச்சிப்புளி ராஜா:
வீட்டு மாடியில சோலார் போட்டிருக்கோம். முன்னாடி மாசம் 400 யூனிட் வரும். போன மாசம் 290 கூட வரல. நேத்து பேனலை நல்லா கழுவினேன், ஒண்ணும் மாறல. போட்டுக் கொடுத்தவர் போனே எடுக்க மாட்டேங்குறார். என்னவா இருக்கும்? அவசரம்.

கீழக்கரை பாய்:
எத்தனை கிலோவாட்? எத்தனை பேனல்? 400ங்கிறது கரண்டு பில்லுல பாத்ததா, இன்வர்ட்டர்ல பாத்ததா? பில்லுல இருக்கிறது நீங்க வெளிய அனுப்பினது மட்டும்தான். வீட்டுல ஏசி ஓடினா அது தானா குறையும்.

பழைய லைன்மேன்:
இந்தக் கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லியாச்சு. புதுசா இழை போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் தேடிப் பாக்கலாம்ல? லைன் வோல்டேஜ் ஏறும்போது இன்வர்ட்டர் தானா கழண்டுக்கும். கடலோரத்துல, லைன் கடைசியில இருக்கிற வீட்டுக்கெல்லாம் இதே கதைதான். ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, முடிஞ்சது.

தேவிபட்டினம் குமார்:
எனக்கும் இதே பிரச்சனைதான் அண்ணே. பேட்டரிக்கு ஆறு மாசமா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தல, ராத்திரி ஒரு மணி நேரம்தான் நிக்குது. பேட்டரியை மாத்திடலாமா?

சேதுக்கரை மீனா:
குமார் தம்பி, அவர்கிட்ட பேட்டரியே இருக்காது, நீங்க தனி இழை போடுங்க.

லைன்மேன் அண்ணே, நீங்க சொல்றதும் நடக்கும். ஆனா அப்படின்னா அன்னன்னைக்கு வரைபடத்துல மதிய நேரத்துல சீப்பு பல்லு மாதிரி வெட்டு வெட்டா பூஜ்யம் விழும். ராஜா, உங்களுக்கு அப்படி இருக்கா, இல்ல மலை மாதிரி வழுவழுன்னு இருந்து உயரம் மட்டும் குறைஞ்சிருக்கா?

நாளைக்கு வெயில் தெளிவா இருக்கும்போது, 12 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, இன்வர்ட்டர் திரையில பேனல் வோல்ட் `Vpv`, ஆம்ப்ஸ் `Ipv`னு ரெண்டு எண் வரும். அதை எழுதுங்க. அழுக்கு இருந்தா ஆம்ப்ஸ் குறையும், வோல்ட் அவ்வளவா அசையாது. பேனலே படுத்துட்டா வோல்ட் குறையும், ஆம்ப்ஸ் அப்படியே இருக்கும். ரெண்டையும் பாக்காம கழுவுறதுல அர்த்தமே இல்ல.

உச்சிப்புளி ராஜா:
மன்னிக்கணும், அவசரத்துல எழுதிட்டேன். 540 வாட் பேனல் 6, எல்லாம் ஒரே வரிசை. 400ங்கிறது இன்வர்ட்டர் ஆப்ல, ஏப்ரல் மாசத்துது. 287 ஜூலை. வரைபடம் வழுவழுன்னுதான் இருக்கு. கழுவுனது எங்க வீட்டு போர் தண்ணியில, மதியம் 2 மணிக்கு.

சேதுக்கரை மீனா:
மதியம் ரெண்டு மணிக்கு சுடு கண்ணாடியில உப்புத் தண்ணியா! ஊத்தின உடனே காஞ்சு வெள்ளைப் படலமா நிக்கும். விரலை நனைச்சுத் தேச்சு நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். ஆடிக் காத்துல கடல் உப்பு வந்து படியுது, ராத்திரி அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், அதுல புழுதி ஒட்டும். வெறும் தண்ணியை வீசி ஊத்தினா போகாது. காலையில 7 மணிக்குள்ள, நல்ல தண்ணியில, மெத்துன்ன ஸ்பாஞ்சு வச்சுத் தேச்சு வழிச்சு விடணும். ஆறு பேனலுக்கு ரெண்டு வாளி போதும். மேல ஏறி நிக்காதீங்க, உள்ள செல் விரிசல் விடும்.

கமுதிக்காரன்:
எங்க ஊர்ல 648 மெகாவாட் சோலார் பிளாண்ட்டுக்கே ரோபோ வச்சுத்தான் துடைக்கிறாங்க. வறட்டுத் துடைப்பு போதும். தண்ணியே வேணாம்.

கீழக்கரை பாய்:
அங்க இருக்கிறது காட்டுப் புழுதி, இங்க உப்பு. வறண்ட துணியில தேச்சா கண்ணாடியில கீறல்தான் மிஞ்சும். எங்க மாடியில கடல் காக்கா எச்சத்துக்கே முதல்ல பத்து நிமிஷம் ஈரத்துணி போட்டு ஊறவிடணும்.

பரமக்குடி தாமரை:
நல்ல தண்ணி ரெண்டு வாளின்னு சுலபமா சொல்லிட்டீங்க. எங்க தெருவுல காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவை வருது. குடத்தோட வரிசையில நிக்கிறவங்களுக்கு முன்னாடி கண்ணாடி கழுவச் சொல்றீங்களா?

பழைய லைன்மேன்:
அதான் நான் முதல்லயே சொன்னேன், கழுவுறதெல்லாம் வீண் வேலை.

கீழக்கரை பாய்:
நீங்க சொன்னது லைன் வோல்டேஜ் அண்ணே.

பரமக்குடி தாமரை:
மழைத் தண்ணியைத் தொட்டியில பிடிச்சு வச்சிருந்தா அதை எடுத்துக்கலாம்ல. போர் தண்ணிக்கு அது எவ்வளவோ மேல்.

உச்சிப்புளி ராஜா:
நேத்து 11.45க்கு `Vpv` 184, `Ipv` 10.2. இன்னைக்குக் காலையில அக்கா சொன்ன மாதிரி கழுவிட்டு அதே நேரத்துல பாத்தா 183, 11.4. மாட்டின அன்னைக்கு எடுத்த வாட்ஸ்அப் படத்துல 223னு இருக்கு.

சேதுக்கரை மீனா:
அந்தப் படம் இருந்தது உங்க அதிர்ஷ்டம். ஆம்ப்ஸ் ஏறினது அழுக்கு போனதால. ஆனா வோல்ட்ல 40 காணோம். வெயில் சூட்டுல உங்க பேனல் ஒண்ணு ஏறக்குறைய 37 வோல்ட் தரும், ஆறுக்கு 222. உங்ககிட்ட அஞ்சு பேனல் அளவுக்குத்தான் வருது. பேனல் பின்னாடி மூணு சின்னப் பெட்டி இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு பைபாஸ் டயோடு, பேனல்ல மூணுல ஒரு பங்கு நிழல்ல இருந்தா கரண்டை அதைச் சுத்தி விடுறது. இடி வந்தா அது ஷார்ட் ஆகலாம், அப்ப அந்தப் பங்கோட வோல்ட் வராது, ஆனா பேனல் வெளிய பாக்கப் புதுசு மாதிரியே இருக்கும். மே மாசம் உங்க பக்கம் இடி விழுந்துச்சா?

உச்சிப்புளி ராஜா:
ஆமாக்கா! பக்கத்துத் தென்னை மரத்துல விழுந்துச்சு. டிவி செட்டாப் பாக்ஸ், மோடம் ரெண்டும் போச்சு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணல.

கீழக்கரை பாய்:
இதை முதல் வரியிலயே சொல்லியிருக்கலாமேப்பா.

சேதுக்கரை மீனா:
எலெக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட வச்சுக்கிட்டு செய்ங்க. முதல்ல இன்வர்ட்டரோட கரண்டு பக்கம் ஆஃப், அப்புறம் பேனல் பக்கத்து சுவிட்ச், டிசி ஐசோலேட்டர் ஆஃப். கரண்டு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினா தீப்பொறி நிக்கும், விரல் வெந்துரும். ஆஃப் பண்ணினாலும் வரிசை முழுசுக்கும் கிட்டத்தட்ட 280 வோல்ட் உயிரோடதான் இருக்கும், அதனால ஒவ்வொரு பேனலா பிரிங்க. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு அளங்க, ஆம்பியர்ல வைக்கவே கூடாது. நல்ல பேனல் காலையில 47 காட்டும். ஒரு டயோடு ஷார்ட்னா மூணுல ஒரு பங்கு குறையும், ரெண்டு போச்சுன்னா மூணுல ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தப் பெட்டி சுடும், பாத்துத் தொடுங்க.

பழைய லைன்மேன்:
கனெக்டர் உப்புல அரிச்சிருக்கும், அதையும் பாருங்க. இதுவரைக்கும் யாரும் சொல்லல.

சேதுக்கரை மீனா:
அதையும் பாக்கணும் அண்ணே, பச்சை பூத்திருந்தா மாத்தணும். ஆனா 40 வோல்ட் கனெக்டர்லயே விழுந்தா அது இந்நேரம் உருகியிருக்கும்.

உச்சிப்புளி ராஜா:
காலையில 7.30க்கு அளந்தோம். 47.1, 46.8, 15.6, 31.2, 47, 46.9. மூணாவது, நாலாவதுதான். மூணாவதுல ஒரு பெட்டி லேசா பழுப்பு. திறக்க முடியல, உள்ள கெட்டியா பிசின் ஊத்தி அடைச்சிருக்கு.

சேதுக்கரை மீனா:
அப்ப டயோடை மட்டும் மாத்த முடியாது. அந்த ரெண்டு பேனலையும் மறுபடி இணைக்காதீங்க, வெயில் படாம மூடி வைங்க. மத்த நாலும் இப்போதைக்கு ஓடட்டும், ஆனா இன்வர்ட்டரோட குறைந்தபட்ச வோல்ட் எவ்வளவுன்னு கையேட்டுல பாத்துக்கங்க.

தேவிபட்டினம் குமார்:
வாரண்டியில மாத்துவாங்களா? 25 வருஷம்னு சொல்லித்தானே விக்கிறாங்க?

கீழக்கரை பாய்:
அந்த 25 உற்பத்தித் திறனுக்கு. இடியை பெரும்பாலும் விலக்கி வச்சிருப்பாங்க. கார்டைப் படிங்க. வீட்டு இன்சூரன்ஸ் இருந்தா அதுல கேக்கலாம்.

பரமக்குடி தாமரை:
மாடியில எர்த் கம்பி, இடி வோல்டேஜைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டர் எல்லாம் இருந்துச்சா ராஜா?

உச்சிப்புளி ராஜா:
டிசி பெட்டிக்குள்ள ரெண்டு சின்ன ஜன்னல், ரெண்டும் சிவப்பா இருக்கு. போட்டவர் போன் எடுத்துட்டார், சனிக்கிழமை வர்றாராம்.

கீழக்கரை பாய்:
அந்த ஜன்னல் சர்ஜ் அரெஸ்டரோடது, சிவப்புன்னா அது போன இடியிலேயே செத்துப்போச்சு. அதையும் சேர்த்து மாத்தச் சொல்லுங்க.

கீழக்கரை பாய் (எட்டு நாள் கழிச்சு):
ராஜா, வந்தாரா? பேனலுக்கு என்ன சொன்னார்?

தேவிபட்டினம் குமார்:
அண்ணே, அந்த பேட்டரி விஷயம்...