லோடிங் அனிமேஷன் மாத்தினதுல இருந்து "ஆப் ஸ்லோ"ங்கிறாங்க, சர்வர் அதே வேகம்தான். உதவி பண்ணுங்க

பெருங்குடி_டெவ்
அவசரம், நாளைக்கு காலைல டெமோ. கேன் வாட்டர் ஆர்டர் பண்ற ஆப் எங்களோடது. முன்னாடி சாதாரணமா சுத்துற வட்டம் இருந்துச்சு. போன ரிலீஸ்ல டிசைனர் கொடுத்த லாட்டி அனிமேஷனைப் போட்டோம், பார்க்க செம அழகு. அதுல இருந்து கஸ்டமர் கேர்ல "ஆப் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு ஒரே போன். சர்வர்ல ஒரு வரி கூட மாத்தல, லாக்ல அதே டைம்தான் காட்டுது. அனிமேஷன் எத்தனை செகண்ட் இருந்தா சரியா இருக்கும்? 2ஆ, 1.5ஆ? ஒரு நம்பர் சொன்னா போட்டுட்டு தூங்கப் போவேன்.

ஃபான்ட்_பைத்தியம்
லோடரே வேணாம் ப்ரோ, ஸ்கெலிட்டன் ஸ்க்ரீன் போடுங்க. சாம்பல் கட்டம் வந்தாலே பாதி லோட் ஆன மாதிரி ஒரு ஃபீல் வந்துடும். எங்க கம்பெனியில எல்லா இடத்துலயும் அதான்.

மீனம்பாக்கம்_மீனா
நம்பர் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லுங்க. இது எந்த ஸ்க்ரீன்ல வருது, லிஸ்ட் வர்றப்பவா, ஆர்டர் பட்டன் அழுத்தினப்புறமா? பதில் வர சாதாரணமா எவ்ளோ நேரம், மோசமான நேரத்துல எவ்ளோ? முக்கியமா, பதில் வந்த உடனே அனிமேஷன் நிக்குதா, இல்ல ஓடி முடிச்சிட்டுதான் போகுதா? அதுல என்ன அசையுது? எந்த போன்ல பார்த்தீங்க?

குரோம்பேட்டை_வாசி
எனக்கும் இதே பிரச்சனை சார். எந்த ஆப் திறந்தாலும் சுத்திட்டே இருக்கும். கேஷ் க்ளியர் பண்ணேன், சரியாயிடுச்சு. நீங்களும் பண்ணிப் பாருங்க.

மூத்தகுடி
கேள்வி கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் வழக்கமே ஒழிந்துவிட்டது போலும். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதிவிட்டார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். அந்த வரம்புகளின் வேர் 1968 வரை போகிறது. இதைப் படிக்காமல் லாட்டி ஃபைலைக் கையில் கொடுத்தால் இப்படித்தான்.

பெருங்குடி_டெவ்
@மூத்தகுடி நன்றி சார், ஆனா எனக்கு இன்னும் நம்பர் கிடைக்கல 🙂
@மீனா அக்கா, "ஆர்டர் செய்" பட்டன் அழுத்தினப்புறம் முழு ஸ்க்ரீன்ல வருது. பாதிப் பேருக்கு 700 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வந்துடுது. சாயங்காலம் டெலிவரி ஆள் ஒதுக்குற நேரத்துல 5, 6 செகண்ட் கூட ஆகும். அனிமேஷன்: காலி கேன் ஒண்ணு வரும், அடியில இருந்து தண்ணி நிரம்பும், மூடி விழும், மறுபடி முதல்ல இருந்து. ஒரு சுத்து 2.4 செகண்ட். பாதியில வெட்டினா அசிங்கமா இருக்குன்னு டிசைனர் சொன்னதால `loopComplete` வந்தப்புறம்தான் அடுத்த ஸ்க்ரீன். பார்த்தது என் ஐபோன், ஆபீஸ் வைஃபை. ஆங், இதுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா டபுள் ஆர்டரும் இப்ப கொஞ்சம் அதிகமா வருது.

மீனம்பாக்கம்_மீனா
சம்பந்தம் இல்லாம என்ன, கதையே அதுலதான் இருக்கு.

முதல்ல ஸ்லோ சமாச்சாரம். 0.7 செகண்ட்ல பதில் வந்தாலும் நீங்க 2.4 வரைக்கும் நிறுத்தி வெக்கிறீங்க. பதில் 2.5ல வந்தா இன்னும் மோசம், அடுத்த சுத்து முடியணும்னு 4.8 வரைக்கும் ஆளை உக்கார வெக்கிறீங்க. சர்வர் 0.1 செகண்ட் பிந்தினதுக்கு வாடிக்கையாளர் 2.4 செகண்ட் கூடுதலா காத்திருக்கார். லாக்ல இது தெரியவே தெரியாது, ஏன்னா லாக் பதில் கிளம்பின நேரத்தோட முடிஞ்சிடுது. ஸ்லோன்னு அவங்க சொல்றது பிரமை இல்ல, நிஜமாவே ஸ்லோ. 2.4ஐ 1.5 ஆக்கினாலும் இதே நோய் கொஞ்சம் சின்ன அளவுல இருக்கும், அதான் நம்பர் சொல்லல.

ரெண்டாவது, டபுள் ஆர்டர். சுத்துற வட்டம் எதையும் வாக்குக் கொடுக்காது, "வேலை நடக்குது"ன்னு மட்டும் சொல்லும். நிரம்புற கேன் அப்படி இல்ல. பாதி நிரம்பினா பாதி வேலை முடிஞ்சதுன்னும், மூடி விழுந்தா ஆர்டர் ஆயிடுச்சுன்னும்தான் எவரும் படிப்பாங்க. 6 செகண்ட் ஆகுறப்போ மூடி விழுந்த கேன் திடீர்னு காலியாகி மறுபடி நிரம்ப ஆரம்பிச்சா என்ன நினைப்பாங்க? "ஐயோ, போகல போல"ன்னு பேக் அடிச்சு இன்னொரு தடவை அழுத்துவாங்க. டபுள் ஆர்டர் எந்த நேரத்துல வருதுன்னு பாருங்க. சாயங்காலம் குவிஞ்சிருந்தா இதுதான்.

ஃபான்ட்_பைத்தியம்
அப்ப ஸ்கெலிட்டன்?

மீனம்பாக்கம்_மீனா
லிஸ்ட் ஸ்க்ரீனுக்கு நல்ல யோசனைதான், அங்க என்ன வரப்போகுதுன்னு உருவம் தெரியும். இங்க வரப்போறது "ஆச்சு" இல்லன்னா "ஆகல". அதுக்கு சாம்பல் கட்டம் வரைஞ்சா ஆயிடுச்சுன்னு முன்கூட்டியே சொன்ன மாதிரி ஆகும்.

தரமணி_பின்பக்கம்
நான் பேக்எண்ட் ஆள். அனிமேஷன் என்னவோ பண்ணிக்கோங்க, டபுள் ஆர்டரை அதை நம்பி விடாதீங்க மச்சி. கன்ஃபர்ம் ஸ்க்ரீன் திறக்கும்போதே ஒரு தனி ஐடி உருவாக்கி ஆர்டரோட அனுப்பு, அதே ஐடி ரெண்டாவது தடவை வந்தா சர்வர் பழைய ஆர்டரையே திருப்பித் தரட்டும். பேக் போய் வந்தாலும் அந்த கார்ட்டுக்கு ஐடி மாறக்கூடாது. அதைக் கோட்டை விட்டா இதெல்லாம் வீண்.

சின்னமலை_சிவா
எதுக்கு இவ்ளோ? ஒரு ப்ராக்ரெஸ் பார் போட்டு 90 வரைக்கும் வேகமா ஓட்டி அங்க நிறுத்துங்க, பதில் வந்ததும் 100. எல்லாரும் பண்றதுதான். கடைசியில வேகம் குறையுற ஈஸ்-அவுட் வெச்சா ஸ்மூத்தா இருக்கும்.

மீனம்பாக்கம்_மீனா
@சிவா ஒரு பொருள் ஸ்க்ரீனுக்குள்ள வர்றதுக்கு ஈஸ்-அவுட் சரி. ப்ராக்ரெஸ் பாருக்கு நேர்மாறு. 2007ல கிறிஸ் ஹாரிசன் குழு ஒரே நீளமுள்ள பார்களை வெவ்வேறு வேகப் போக்குல ஓட்டிக் காட்டிப் பார்த்தாங்க. கடைசியில வேகம் எடுக்கிற பார் சீக்கிரம் முடிஞ்ச மாதிரி தோணுச்சு, முடியுற இடத்துல தேங்கி நிக்கிறது ரொம்ப நேரமான மாதிரி தோணுச்சு. 90ல நிக்கிற பார் அந்த ரெண்டாவது ஜாதி.

சின்னமலை_சிவா
அப்ப ஆரம்பத்துல மெதுவா ஓட்டி கடைசில வேகமா விடலாம்னு சொல்றீங்க. அதுவும் பொய்தானே? நான் சொன்னா தப்பு, ஆராய்ச்சிக்காரன் சொன்னா சரியா?

மூத்தகுடி
பொய்யான பார் என்பது பயனரை ஏமாற்றும் வேலை. கணக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று காட்டுவதே நேர்மை.

சின்னமலை_சிவா
லிஃப்ட்ல கதவு மூடுற பட்டனை அழுத்திட்டே நிக்கிறோமே, அது எல்லா இடத்துலயும் வேலை செய்யுதா சார்? மனுஷனுக்கு ஒரு ஆறுதல் வேணும்.

தரமணி_பின்பக்கம்
அந்தப் பையனுக்கு நாளைக்கு டெமோப்பா. லிஃப்ட்ல இருந்து இறங்குங்க.

மீனம்பாக்கம்_மீனா
சிவா கேட்டதுல நியாயம் இருக்கு, ஆனா கடைசியில வேகம் எடுக்கணும்னா கடைசி எப்போன்னு தெரியணும். ஃபைல் அப்லோடுன்னா பைட் கணக்கு இருக்கு. இவருக்கு 0.7ம் வரும் 6ம் வரும், எதுன்னு முன்கூட்டித் தெரியாது. அதனால பாரே வேணாம்.

@பெருங்குடி இன்னைக்கு ராத்திரிக்குள்ள செய்யக்கூடியது இவ்ளோதான். விரல் பட்ட உடனே பட்டன் நிறம் மாறி முடங்கணும், 0.1 செகண்டுக்குள்ள. அது நடந்தா முதல் 400 மில்லிசெகண்டுக்கு வேற எதுவும் காட்டத் தேவையில்ல. அதுக்கு மேல போனா மட்டும் லோடர் வரட்டும். வந்துட்டா அரை செகண்டாவது இருக்கட்டும், இல்லன்னா மின்னி மறையும், ஏதோ எர்ரர் வந்துட்டுப் போன மாதிரி இருக்கும்.

```js
let shownAt = 0;
const timer = setTimeout(() => {
  shownAt = Date.now();
  showLoader();
}, 400);

try {
  await placeOrder();
} finally {
  clearTimeout(timer);
  const left = shownAt ? 500 - (Date.now() - shownAt) : 0;
  if (left > 0) await new Promise(r => setTimeout(r, left));
  hideLoader();
}
```

உங்க 0.7 செகண்ட் ஆளுக்கு இதுல 0.9ல ஸ்க்ரீன் மாறும், இப்ப 2.4. `loopComplete`ஐத் தூக்கிடுங்க. டிசைனர் கோவிச்சுக்காம இருக்க ஒரு வழி: கேன் பாதி நிரம்பினபடியே இருக்கட்டும், மேல் தண்ணி மட்டும் அலையட்டும், மட்டம் ஏறக்கூடாது. எந்த இடத்துல வெட்டினாலும் உறுத்தாது, நிரம்புறேன்னு பொய்யும் சொல்லாது. நிரம்பி மூடி விழுற காட்சியை ஆர்டர் ஆன ஸ்க்ரீன்ல ஒரே ஒரு தடவை ஓட்டுங்க, பின்னாடி ஆர்டர் நம்பர் தெரியட்டும். 4 செகண்ட் தாண்டினா கீழே "டெலிவரி ஆள் ஒதுக்குறோம், பேக் போக வேண்டாம்"னு ஒரு வரி. நிஜமா அதுதான் நடக்குதுன்னா மட்டும்.

அளக்கிறதுக்கு ஐபோன் வேணாம். உங்க வாடிக்கையாளர் வெச்சிருக்கிற விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டுல, மொபைல் டேட்டால ஓட்டி, இன்னொரு போன்ல ஸ்லோ-மோஷன் வீடியோ எடுங்க. ஸ்க்ரீன் ரெக்கார்டர் போட்டா அதுவே அந்த போனைத் திணறடிக்கும், விரல் பட்ட நொடியும் ஒழுங்கா தெரியாது. விரல் கண்ணாடியில பட்ட ஃப்ரேம்ல இருந்து ஆர்டர் நம்பர் தெரியுற ஃப்ரேம் வரைக்கும் எண்ணுங்க. அலை தத்தித் தத்திப் போனா ஃபைல்ல மாஸ்க் நிறைய இருக்கான்னு பாருங்க. சில போன்ல நேரத்தை விட அந்தத் தத்தல்தான் ஸ்லோன்னு காட்டும்.

அம்பத்தூர்_அருள்
இதைக் கண்ணால பார்க்கிறவங்களுக்கு மட்டும் பேசுறீங்க. எங்க அப்பா ஸ்க்ரீனை வாசிச்சுச் சொல்ற டாக்பேக் வெச்சுதான் ஆப் யூஸ் பண்றார். பட்டன் அழுத்தினா நிசப்தம், கேன் நிரம்புதா காலியாகுதான்னு அவருக்கு என்ன தெரியும்? அவரும் ரெண்டு தடவை அழுத்துறவர்தான். அந்த 4 செகண்ட் வரியை `role="status"` வெச்ச டிவ்ல போடுங்க. டிவ் முதல்லயே ஸ்க்ரீன்ல காலியா இருக்கணும், எழுத்து மட்டும் பிறகு மாறணும். மொத்தமா புதுசா நுழைச்சா பல நேரம் வாசிக்காது.

மூத்தகுடி
இதையெல்லாம் முதலிலேயே கேட்டிருந்தால் இத்தனை பதில் தேவைப்பட்டிருக்காது.

தரமணி_பின்பக்கம்
முதல்லயே கேட்டது மீனா, சார். நீங்க வரலாறு சொன்னீங்க.

பெருங்குடி_டெவ்
டெமோ முடிஞ்சுது. `loopComplete` தூக்கினேன், 400/500 போட்டேன், ஸ்டேட்டஸ் வரியும் போட்டாச்சு. வாட்ச்மேன் அண்ணா போன்ல வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தேன், விரல் பட்டதுல இருந்து 1 செகண்டை ஒட்டி வருது, முன்னாடி 3 செகண்ட்கிட்ட. டபுள் ஆர்டர் டைம் பார்த்தேன், முக்கால்வாசி சாயங்காலம் 6ல இருந்து 8. ஐடி வேலை அடுத்த ஸ்ப்ரிண்ட்ல. அலை கேன் இன்னும் வரல, இப்போதைக்கு பழைய வட்டம்தான். ஆனா மேனேஜருக்கு நிரம்புற கேன்தான் வேணுமாம், "அதுதான் நம்ம பிராண்ட்"ங்கிறார். மீட்டிங் இருக்கு, வர்றேன்.

சின்னமலை_சிவா
அந்த 6 செகண்ட் இன்னும் 6 செகண்டாவே இருக்கே, அதை யார் பார்ப்பா?

தரமணி_பின்பக்கம்
ஆள் ஒதுக்குறதை ஆர்டர் எடுத்தப்புறம் பின்னாடி தனியா ஓடவிட்டா அந்த 6 செகண்ட் காத்திருப்பே இருக்காது. ஆனா ஆள் கிடைக்கலன்னா கன்ஃபர்ம் ஆன ஆர்டரை கேன்சல் பண்ணணும். @பெருங்குடி, ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டருக்கு ஆள் கிடைக்காம போகுது?