ஸ்கோர் அதிகமுள்ள லீடை முதலில் அழைத்தும் விற்பனை குறைகிறது, எங்கே தப்பு?

கேட்டவர்: தலைகீழ்வரிசை
நாலு பேர் உள்ள சேல்ஸ் டீம், நாளுக்கு 70 லீட் வரை வருகிறது. ரெண்டு மாசம் முன்னாடி ஸ்கோரிங் ஆரம்பித்தோம். மெயில் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 5, தளத்துக்கு வந்தால் 5, பிரோஷர் இறக்கினால் 20, விலை கேட்டால் 15, போன் நம்பர் தந்தால் 10. காலையில் பட்டியலை ஸ்கோர்படி அடுக்கி மேலிருந்து அழைக்கிறோம். சிஆர்எம்மில் முதல் பதில் சராசரி 4 நிமிஷம் என்று காட்டுகிறது, ஆனால் முன்னாடி வந்த அளவு கூட இப்போது விற்பனை இல்லை. பசங்க ஸ்கோரைத் திட்டுகிறார்கள்.

வேகம்தான்முக்கியம்
ஸ்கோரைத் தூக்கிப் போடுங்க பாஸ். வந்த உடனே எல்லாரையும் அழைத்தால் போதும். 2011-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வந்ததே, 5 நிமிஷத்துக்குள் அழைத்தால் ஏழு மடங்கு என்று.

மணிக்கூண்டு
எங்களுக்கும் இதே தொல்லை! யாரை அழைத்தாலும் எடுப்பதே இல்லை, எங்கள் நம்பரை ஸ்பேம் என்று காட்டுகிறதாம். நம்பரை மாற்றிப் பாருங்களேன்.

பழையகணக்கு
மணிக்கூண்டு, உங்களுடையது வேறு பிரச்சினை, தனியாகக் கேளுங்கள்.

வேகம் சார், அதில் சொன்னது ஒரு மணி நேரம், 5 நிமிஷம் இல்லை. ஒரு மணிக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கடுத்த மணியில் முயன்றவர்களைவிட உருப்படியான பேச்சு கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு. அதுவும் நடந்ததை வைத்து ஒப்பிட்ட கணக்குதான், சோதனை செய்து பார்த்தது இல்லை. ஆனால் திசை சரி.

தலைகீழ்வரிசை, அந்த 4 நிமிஷத்தை நம்பாதீர்கள். தானாகப் போகும் நன்றி மெயிலைத்தான் உங்கள் சிஆர்எம் முதல் பதில் என்று எண்ணுகிறது என நினைக்கிறேன். படிவம் வந்த நேரத்துக்கும் மனுஷன் போட்ட முதல் காலுக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, சராசரி வேண்டாம், மீடியன் பாருங்கள்.

அடுத்து ஸ்கோர். மூணு வாரமாக 11 மெயில் திறந்து ஒரு பிரோஷர் இறக்கி நம்பர் தந்தவருக்கு 85. இப்போதுதான் முதல் தடவை வந்து விலை கேட்டு நம்பர் தந்தவருக்கு 30. உங்கள் ஆட்கள் மத்தியானம் வரை 85-களைத் துரத்திக்கொண்டு இருப்பார்கள், சூடாக வந்த 30 அடியில் ஆறிப்போகும். போதாக்குறைக்கு 2021-லிருந்து ஆப்பிள் மெயில் தன் பாட்டுக்குப் படங்களை இறக்கிக்கொள்கிறது, ஆள் படிக்காமலே திறந்ததாகக் கணக்கு ஏறும். அந்த 11-ல் எத்தனை நிஜம் என்று யாருக்குத் தெரியும்.

வரிசையை இரண்டாகப் பிரியுங்கள். விலை கேட்டவர், அழைக்கச் சொன்னவர் எல்லாம் வந்த நிமிஷமே ஸ்கோர் பார்க்காமல் ஒருவர் கைக்குப் போகட்டும். ஸ்கோர் மிச்சப் பட்டியலை அடுக்க மட்டும். புள்ளியைக் குத்துமதிப்பாகப் போடாமல், முடிந்துபோன பழைய லீட்களில் எண்ணிப் பாருங்கள். B-யில் செயல், C-யில் முடிவு இருந்தால்:

```
=COUNTIFS(B:B,"price",C:C,"sold")/COUNTIF(B:B,"price")
```

தலைகீழ்வரிசை
எண்ணிப் பார்த்துவிட்டு வெட்கமாக இருக்கிறது. கடைசி 400 லீட்: விலை கேட்ட 60 பேரில் 9 பேர் வாங்கியிருக்கிறார்கள், 15 சதவீதம். பிரோஷர் இறக்கிய 150 பேரில் 3 பேர், 2 சதவீதம். நாங்கள் பிரோஷருக்குத்தான் அதிகப் புள்ளி கொடுத்திருக்கிறோம். முதல் காலுக்கான மீடியன் 19 மணி நேரம். நீங்கள் சொன்ன மாதிரி, அந்த 4 நிமிஷம் நன்றி மெயில்தான்.

பழையகணக்கு
9 என்பது சின்ன எண்ணிக்கை, 15-ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். விலை கேட்டதற்கு 30, பிரோஷருக்கு 5, மெயில் திறந்ததற்கு சைபர் என்று வைத்துவிட்டு, ஒரு வாரம் எந்த அசைவும் இல்லாவிட்டால் புள்ளியைப் பாதியாக்குங்கள். இன்னொன்று: இனிமேல் மேலே இருப்பவரைச் சீக்கிரம் அழைப்பீர்கள், அதனாலேயே அவர் வாங்கக்கூடும், ஸ்கோர் சரி என்று உங்களுக்குத் தோன்றும். பத்தில் ஒன்றையாவது ஸ்கோர் பார்க்காமல் குலுக்கிப்போட்டு அழையுங்கள், அப்போதுதான் தெரியும்.

வேகம்தான்முக்கியம்
சரி, ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நாலே பேர் இருக்கும் இடத்தில் குலுக்கிப்போடுவது ஆடம்பரம். நான் செய்ய மாட்டேன்.

தலைகீழ்வரிசை
ஒரு வாரம் ஆச்சு. ஷிப்டுக்கு ஒருவரை புது லீடுக்கென்றே உட்கார வைத்தோம், பகலில் வருவதற்கு மீடியன் 22 நிமிஷம். "இப்போதான் அனுப்பினேன், அதுக்குள்ளயா?" என்று ஒருத்தர் சிரித்தார். விற்பனை கூடியதா என்று சொல்ல இன்னும் நாள் வேண்டும். ராத்திரி 11 மணிக்கு விலை கேட்பவரை என்ன செய்வது? காலை 9 மணிக்கு அப்படிப் பன்னிரண்டு பேர் ஒன்றாக நிற்கிறார்கள்.

பழையகணக்கு
நாங்கள் கடைசியாக வந்தவரிலிருந்து பின்னோக்கி அழைக்கிறோம். அது சரிதானா என்று எங்கள் டீமிலேயே இன்னும் சண்டை ஓயவில்லை.